உறைமோர் தீர்ந்த கப்பல்

நான் கப்பலில் கேஸ் இன்ஜினியர் என்று சொன்னால் படாளத்தில் எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "ரெண்டாவது சிலிண்டர் வாங்கித் தர முடியுமா?" தொண்ணூறுகளின் நடுவில் சிலிண்டர் கனெக்‌ஷனுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த ஊர். ஒரு கப்பல் நிறைய கேஸ் கொண்டு போகிறவன் சொந்தத் தெருவுக்கு ஒரு சிலிண்டர் தள்ளிவிட முடியாதா என்பது நியாயமான கேள்விதான். என் அம்மா கொஞ்ச காலம் கப்பலின் வயிற்றுக்குள் சிவப்பு சிலிண்டர்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தாள். நானும் மறுக்கவில்லை. மறுத்தால் உண்மையை விளக்க வேண்டும். விளக்கினால், என் வேலை என்பது மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு தெர்மாமீட்டரை வெறித்துப் பார்ப்பது என்று தெரிந்துபோகும். கூலி வேலை பார்த்த குடும்பத்தில் முதலில் இன்ஜினியரான பையன். மானம் முக்கியம்.

விளக்கம் கேட்டு விடாமல் பிடித்துக்கொண்டவள் என் மனைவி மட்டும்தான். அவளுக்குச் சமையலறையை வைத்துத்தான் சொன்னேன். பூமிக்கடியிலிருந்து வரும் கேஸை மைனஸ் நூற்றி அறுபது டிகிரிக்குக் குளிர வைத்தால் அது தண்ணீர் மாதிரி திரவமாகிவிடும். அறுநூறு பங்கு இடம் பிடித்தது ஒரு பங்கில் அடங்கிவிடும். அதைப் பெரிய தொட்டிகளில் ஊற்றிக் கப்பலில் கொண்டு போகிறோம். சிலிண்டர் மாதிரி அழுத்தி அடைப்பதில்லை. தொட்டிக்குள் வெளிக்காற்றைவிடத் துளி கூடுதலான அழுத்தம்தான். காப்பது குளிர் ஒன்றே.

"அவ்ளோ பெரிய ஃப்ரிட்ஜா?" என்றாள்.

"ஃப்ரிட்ஜே இல்ல. ஃபிளாஸ்க்."

அதுதான் விஷயம். எங்கள் கப்பலில் குளிரூட்டும் இயந்திரம் எதுவும் கிடையாது. சுற்றிலும் தடிமனான காப்பு மட்டும். எவ்வளவு நல்ல ஃபிளாஸ்க்கானாலும் வெளிச்சூடு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும். வந்த சூட்டை வாங்கிக்கொண்டு திரவத்தில் ஒரு சிறு பங்கு ஆவியாகும். ஆவியாகிறபோது மிச்சத்தைக் குளிர வைத்துவிட்டுப் போகும், மண்பானைத் தண்ணீர் மாதிரி. அந்த ஆவியை அப்படியே விட்டால் தொட்டியில் அழுத்தம் ஏறும். அதனால் கம்ப்ரசர் வைத்து உறிஞ்சி, சூடாக்கி, கொதிகலனுக்கு அனுப்பி எரிப்போம். அதில் வரும் நீராவியில்தான் கப்பலே ஓடும். கப்பல் நின்றுகொண்டிருந்தாலும் ஆவி நிற்காது. அப்போதும் எரித்து, தேவையில்லாத நீராவியைக் கடல்நீரில் குளிர வைத்துத் திரும்பத் தண்ணீராக்கிவிட வேண்டும். மொத்தத்தில், ஏற்றிய சரக்கையே தின்றுகொண்டு போகிற கப்பல்.

"வழியிலயே சாப்டுகினு போற கூரியர்காரன் மாதிரி," என்றாள். என் இருபது வருஷ வேலையை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

சரக்கை இறக்கிய பிறகு தொட்டியைச் சுத்தமாக வழித்துவிடக் கூடாது என்பது அடுத்த பாடம். அடியில் கொஞ்சம் திரவத்தை விட்டு வைப்போம். அதற்கு ஹீல் என்று பெயர். காலித் தொட்டி திரும்பும் வழியில் சூடேறிவிடாமல் இருக்க, அந்த மிச்சத்தைச் சின்ன பம்ப்பால் மேலே ஏற்றி, தொட்டிகளின் கூரையிலுள்ள குழாய்த் துளைகள் வழியாகத் தூவிக் குளிரைக் காப்பாற்ற வேண்டும். சூடான தொட்டியில் திடீரென்று மைனஸ் நூற்றி அறுபதை ஊற்றினால் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகச் சுவர் தாங்காது. தொட்டி குளிராக வந்தால்தான் ஏற்றுமதித் துறைமுகம் உடனே சரக்கு கொடுக்கும்.

"உறைமோர்," என்றாள் அவள். "நாளைக்குத் தயிர் வேணும்னா இன்னிக்கு ஒரு கரண்டி விட்டு வைக்கணும்."

அந்த ஒரு கரண்டியைத்தான் நான் தீர்த்துவிட்டேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஜூலை மாதம்.

அந்தக் கப்பலில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்று பேர். நான். தூத்துக்குடிக்காரரான சீஃப் ஆபீசர். சரக்குக்கு அவர்தான் பொறுப்பு, எனக்கு மேல். மூன்றாவது ஆள், ஃபிட்டர். வெல்டிங், வால்வு, குழாய் என்று டெக்கில் எது பழுதானாலும் அவன்தான். சதுரங்கப்பட்டினத்துப் பையன். பையன் என்கிறேன், அவனுக்கே முப்பத்திச் சொச்சம். மற்றவர்கள் முன்னால் என்னை "சார்" என்பான். தனியாக இருந்தால் "அண்ணாத்த". கோபம் வந்தால் இரண்டும் போய்விடும்.

அவனுக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்திலிருந்து வெல்டர் வேலைக்குக் கைத்தேர்வு அழைப்பு வந்திருந்தது. நிரந்தர வேலை. காலையில் ஸ்டாஃப் பஸ், சாயங்காலம் வீடு. அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது அவன் வயது வரம்பைத் தாண்டியிருப்பான். கடைசி வாய்ப்பு. தேர்வு ஒரு திங்கட்கிழமை காலை. நாங்கள் கிழக்கே ஜப்பான் பக்கம் சரக்கை இறக்கிவிட்டு வளைகுடாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தேர்வுக்கு ஐந்து நாள் முன்னால் அங்கே போய்ச் சேர்வதாகத் திட்டம். கப்பலை ஏற்றுமதி மேடையில் கட்டினால்தான் ஆள் மாற்றம் அனுமதி. கட்டிய அன்றே அவன் இறங்குவான், விமானம் ஏறுவான். அழைப்புக் கடிதத்தை மனைவி ஃபேக்ஸில் அனுப்பியிருந்தாள். அதை அவன் பிளாஸ்டிக் உறையில் போட்டு வெல்டிங் ஹெல்மெட்டுக்குள் செருகி வைத்திருந்தான்.

இனி என் பெருமையைச் சொல்ல வேண்டும். முந்தைய பயணத்தில் தொட்டிகளை மிகவும் குளிராகக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். அலுவலகத்திலிருந்து ஒரு வரி வந்தது: வெப்பநிலை அருமை என்று. ஒரே வரி. கல்யாணமான பிறகு யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை. அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். இந்த முறை தினமும் மதியம் அனுப்பும் அறிக்கையில் இன்னும் அழகான எண்கள் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சரியான முறை இதுதான்: காலித் தொட்டியை வழியில் மெல்லச் சூடாக விட வேண்டும். வந்து சேரும்போது ஒவ்வொரு தொட்டியின் சராசரியும் மைனஸ் நூற்றி முப்பது இருந்தால் போதும். அதனால் கடைசி நாட்களில் தூவினால் போதும். நான் முதல் நாளிலிருந்தே தூவினேன். தூவினால் ஆவி எழும். ஆவி எழுந்தால் கொதிகலனுக்கு கேஸ் போகும், எண்ணெய் மிச்சம். இன்ஜின் அறையில் எல்லோரும் சிரித்த முகம். என் எண்கள் மைனஸ் நூற்றி ஐம்பதுக்குக் கீழே நிமிர்ந்து நின்றன. அறிக்கை அனுப்பிவிட்டு பதில் வந்ததா என்று பார்ப்பேன். வரவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் தூவுவேன்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ ஃபிட்டர் டெக்கிலிருந்து வந்தான்.

"இன்னா அண்ணாத்த, ஸ்பிரே லைனு எப்பப் பாத்தாலும் வெள்ளையா கீது? பைப்பு ஜாயின்ட்டுல பனி உதிரவே மாட்டேங்குது. போன கப்பல்ல கடைசி ரெண்டு மூணு நாளுதான் இப்புடி வெள்ளையாவும்."

"அது போன கப்பல். இங்க வேலை தெரிஞ்சவன் இருக்கான்."

"சரி," என்றான். "ஒனக்குத் தெரியாததா."

அந்தக் குத்தல் எனக்கு உறைக்கவில்லை. சீஃப் ஆபீசரும் ஒரு தடவை கேட்டார். "என்னவே, ஹீல் போதுமா?" நான், "தாராளம் சார்," என்றேன். என்னை நம்பி விட்டுவிட்டார். அவருக்கு நாற்பது பேருடைய பாதுகாப்புப் பயிற்சித் தாள்கள் வேறு இருந்தன.

இலங்கைக்குத் தெற்கே வந்தபோது ஃபிட்டர் வலப்பக்கக் கைப்பிடியில் சாய்ந்து வடக்கே பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தப் பக்கம் நேராப் போனா எங்க வூடு," என்றான். "நீந்தினா கூட மகாபலிபுரத்துல கரையேறிடலாம், இன்னா?" நான் ஏதோ ஜோக் அடித்தேன். மறுநாள் அரபிக்கடலின் தென்மேற்குப் பருவக்காற்று எங்களை நேர் முகத்தில் அறைந்தது. கப்பலின் வேகம் குறைந்தது. வந்து சேரும் நாள் இரண்டு நாள் தள்ளிப்போனது. துறைமுகம் புதிய தேதியை ஒத்துக்கொண்டது. ஃபிட்டருக்கு மூன்று நாள் மிச்சம். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, தொட்டி குளிராக இருக்கும்வரை. சூடாகப் போனால் மேடை கிடையாது. வெளியே நங்கூரம் போட்டு, குளிரவைக்க மேடையில் இடைவெளி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வாரமும் ஆகலாம்.

அன்று அளவுமானியைப் பார்த்தேன். நான்கு தொட்டிகளில் மூன்றாவதில்தான் ஹீல் மொத்தமும். அலையில் அது குலுங்கக் குலுங்க ஆவி இன்னும் கூடுதலாக எழுந்துகொண்டிருந்தது. கணக்குப் போட்டேன். இன்னொரு தடவை போட்டேன். மூன்றாம் தடவை பென்சிலைக் குற்றம் சொல்லி பேனாவில் போட்டேன். எல்லாம் ஒரே பதில்: போய்ச் சேர இரண்டு நாள் முன்பே உறைமோர் தீர்ந்துவிடும்.

சீஃப் ஆபீசர் தாளைப் பார்த்தார். திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"எத்தன நாளா தூவுதீரு?"

"மொதல் நாள்லேர்ந்து சார்."

"ஏன்வே?"

பதில் என் பையில் மடித்து இருந்தது. எடுத்துக் காட்டவில்லை. "நம்பர் நல்லா இருக்கட்டும்னு," என்றேன்.

"நம்பர் நல்லாத்தான் இருக்கு," என்றார். "போய் அந்தப் பயகிட்ட நீரே சொல்லும்."

ஃபிட்டர் வொர்க்‌ஷாப்பில் ஒரு துண்டு இரும்புக் குழாயை வைத்து வெல்டிங் பழகிக்கொண்டிருந்தான். தினமும் வேலை முடிந்து ஒரு மணி நேரம் பழகுவான். நான் சொன்னதை முழுக்கக் கேட்டான். ஹெல்மெட்டைத் தூக்கவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன முகம் இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

"பனி உதிரலன்னு சொன்னனா இல்லையா?"

"சொன்ன."

"வேல தெரிஞ்சவன்னியே."

என் வாழ்க்கையில் ஜோக் வராமல் நின்ற சில இடங்களில் அது ஒன்று. அவன் திரும்பவும் ஆர்க்கைப் பற்ற வைத்தான். போ என்று அர்த்தம். அதற்குப் பிறகு மெஸ்ஸில் நான் உட்கார்ந்தால் அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போவான். ரசத்தைச் சிந்தாமல், கப்பலின் அந்த ஆட்டத்திலும்.

அன்றே தூவலை நிறுத்தினோம். கம்ப்ரசரை நிறுத்தி, கொதிகலனுக்குப் போகும் கேஸ் குழாயை மூடி, நைட்ரஜன் விட்டுக் கழுவினோம். கொதிகலன் முழுக்க எண்ணெய்க்கு மாறியது. சீஃப் இன்ஜினியர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எண்ணெய்ப் புகை கக்கும் புகைபோக்கியைக் காட்டினார். ஆவியை எடுக்காவிட்டால் தொட்டி அழுத்தம் ஏறும். ஏறட்டும், அழுத்தம் ஏற ஏறத் திரவம் ஆவியாவது குறையும் என்பதுதான் யோசனை. பாதுகாப்பு வால்வு திறக்கும் அளவுக்கு நல்ல தூரம் கீழேயே நிறுத்த வேண்டும். வாட்ச் முடிந்தும் நான் போகவில்லை. அழுத்தமானியின் எதிரே ஒரு நாற்காலி. நாலு மணி நேரத் தூக்கம், மறுபடி நாற்காலி. அழகான எண்கள் ஒவ்வொன்றாக என் கண் எதிரே சரிந்தன. மைனஸ் நூற்றி நாற்பது. நூற்றி முப்பது. நூற்றி இருபத்தைந்து. தினமும் மதியம் அவற்றை நானே தட்டச்சு செய்து அனுப்பினேன். பாராட்டு வேண்டுமென்றபோது வராத அலுவலகப் பதில் இப்போது தினமும் வந்தது.

மனைவிக்கு சாட்டிலைட் போனில் பேசினேன். "உறைமோரைக் குடிச்சிட்டேன்," என்றேன்.

"பக்கத்து வூட்ல கேக்க முடியாதா?"

"நடுக்கடல்ல பக்கத்து வூடா?"

"அப்ப ஏனத்த வழிச்சிப் பாரு. ஒட்டிகினு இருக்கும்," என்றாள். கார்டில் காசு தீர்ந்தது.

ஹார்முஸ் நீரிணைக்குள் நுழைந்ததும் கடல் எண்ணெய் தடவியது போல அடங்கியது. வழிக்க வேண்டிய நாள் அதுதான். வெயில் டெக்கை அடுப்பாக்கியிருந்தது. சீஃப் ஆபீசர் பின்பக்கத்தில் எடைக்கென்றே இருக்கும் தனித் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக் கப்பலின் வாலைத் தாழ்த்தினார். மூன்றாம் தொட்டியில் பம்ப் பின்மூலையில் இருக்கிறது. குண்டானைச் சாய்த்துக் கடைசிக் கரண்டி குழம்பை ஓரத்துக்குக் கொண்டுவருவது போலத்தான். நான் கட்டுப்பாட்டு அறையில், பம்ப்பின் அம்மீட்டர் எதிரே. பம்ப் வாயில் திரவம் குறைந்தால் முள் ஆடும். ஆடினால் வெளிவால்வைச் சற்று மூடி ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். மூடாவிட்டால் பம்ப் தானே நின்றுவிடும். அந்த வால்வு எங்கள் கப்பலில் தொலைவிலிருந்து கால் திருப்பத் துல்லியத்துக்கு அடங்காது. டெக்கில் ஒருவர் கையால் பிடிக்க வேண்டும். ஃபிட்டர் போனான்.

நாலு நாள் கழித்து அவன் என்னோடு பேசியது வாக்கி டாக்கியில்தான்.

"சொல்லு."

"முள்ளு ஆடுது. கொஞ்சம் மூடு."

"கொஞ்சம்னா எவ்ளோ? மயிரளவா, மொழத்தளவா?"

"கால் சுத்து."

"மூடிட்டன்."

முள் நின்றது. அங்கே நாற்பது டிகிரிக்கு மேல் வெயில். அவன் தடித்த கையுறைக்குள் பிடித்திருந்த சக்கரத்துக்கு ஒரு முழம் கீழே மைனஸ் நூற்றி அறுபது. பனிப்புகை அவன் முழங்கால்வரை சுற்றியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தலையில் வேர்வை, காலில் மார்கழி. ஆறு மணி நேரம் அப்படிப் போனது. ஒன்று, இரண்டு, நான்கு என்று தொட்டி மாற்றித் தூவினோம். எழுந்த ஆவியைத் திரும்பக் கொதிகலனுக்கு விட்டோம். நடுவில் வேறு ஆளை அனுப்புகிறேன் என்றேன்.

"வாணாம்," என்றான். "வேற ஒருத்தன் வந்து கத்துக்கறதுக்குள்ள பம்ப்பு நின்னு பூடும். நீ முள்ளப் பாரு. தூங்கிகினு இருக்காத."

"தூங்கல."

"ஒன் கொரலு தூங்குது."

உண்மைதான். கண்ணிமையை விரலால் தூக்கிப் பிடித்திருந்தேன். மாலை நாலு மணிக்கு முள் ஆடி, அவன் மூடி, நின்று, மறுபடி ஆடி, பூஜ்யத்துக்கு விழுந்தது. பம்ப் நின்றுவிட்டது.

"அவ்ளோதான்," என்றேன்.

"எத்தினி?"

ஒன்றாம் தொட்டி நூற்றி முப்பத்திமூன்று. இரண்டு, முப்பத்திரண்டு. மூன்று நாற்பதைத் தாண்டியது. நான்காம் தொட்டி நூற்றி இருபத்தெட்டு. எல்லாம் மைனஸ். வாசித்துக் காட்டினேன்.

டெக்கில் அவன் கையுறைகளைக் கழற்றி உதறினான்.

"ரெண்டு டிகிரி," என்றான். "ரெண்டே டிகிரி."

சீஃப் ஆபீசர் துறைமுகத்துக்கு உள்ளதை உள்ளபடி எழுதினார். மூன்று தொட்டி தயார், ஒன்று இரண்டு டிகிரி குறை, மேடையிலேயே கொஞ்சம் குளிர வைக்க முடியுமா என்று. பதில் வரும்வரை மூவரும் டெக் ஆபீசில் உட்கார்ந்திருந்தோம். ஃபிட்டர் ஹெல்மெட்டிலிருந்து அந்த உறையை எடுத்து, தேதியைப் பார்த்து, திரும்பச் செருகினான். அது மாறியிருக்குமோ என்று பார்த்தவன் போல.

பதில் வந்தது. மேடையில் கட்டலாம். கரையிலிருந்து மெதுவாகத் திரவம் விட்டு நான்காம் தொட்டியைக் குளிர வைத்த பிறகே மற்றதெல்லாம். சில மணி நேரத் தாமதம் எங்கள் தலையில். மூன்று தொட்டியாவது சரியாக இருந்ததால் கிடைத்த சலுகை. மூன்றும் சரியில்லாமல் போயிருந்தால் நங்கூரம்தான்.

மறுநாள் காலை அவன் பெட்டியோடு இறங்கினான். இரண்டு உள்ளங்கையும் வீங்கியிருந்தன. வெல்டிங் கைத்தேர்வுக்குப் போகிறவன் கை. நான் தடவ ஒரு களிம்பு கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். "இத்த ஒன் நம்பருக்குத் தடவு," என்று திருப்பிக் கொடுத்தான். பிறகு என்ன நினைத்தானோ, அதைத் திரும்பப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

ஹீல் ஏன் தீர்ந்தது என்று அலுவலகம் விளக்கம் கேட்டது. மோசமான வானிலை என்று எழுதினேன். சீஃப் ஆபீசர் படித்தார். "கடல் மேல பழியப் போட்டா அது வந்து கேக்கவா போவுது," என்றார். தாளை என் பக்கம் தள்ளினார். வேறு தாளில் எழுதினேன்: முதல் நாளிலிருந்து தேவைக்கு மேல் தூவினேன், அறிக்கையில் எண்கள் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. அந்தப் பாராட்டு வரி எழுதிய அதே ஆளிடமிருந்து பதில் வந்தது. அதையும் மடித்துப் பையில் வைத்தேன். அழகுக்கு அல்ல.

நவம்பரில் விடுமுறைக்கு வந்தேன். வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வந்த கார்கள் படாளத்துச் சாலையை அடைத்துக்கொண்டிருந்தன. இரண்டு பஸ் மாறி கல்பாக்கம் போனேன். ஸ்டாஃப் பஸ் வந்து நிற்கும் இடத்தில் நின்றேன். ஃபிட்டர் இறங்கினான். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. முகத்தில் என்னுடையதே போன்ற களைப்பு.

"கெடச்சிடுச்சா?" என்றேன், அட்டையைப் பார்த்துக்கொண்டே. வேறு என்ன கேட்பது.

"கெடச்சிது. கை வீக்கம் எறங்கல. ரெண்டாவது பீஸுதான் ஓ.கே ஆச்சி." கொஞ்சம் நிறுத்தினான். "மொதோ பீஸு அவுட்டு. அது ஒன் கணக்கு."

"என் கணக்குதான்."

டீக்கடையில் உட்கார்ந்தோம். இரண்டு டீ சொன்னான். எதிரே உட்கார்ந்தான், அடுத்த மேசைக்குப் போகவில்லை. கப்பலைப் பற்றி ஒன்றும் கேட்காமல் பாதி டீ குடித்தான். பிறகு கேட்டான்.

"இப்ப எப்புடி ஓட்ற ஸ்பிரே?"

"கடைசி மூணு நாள் மட்டும். நூத்தி முப்பத்தொண்ணுல கொண்டுபோய்ச் சேத்துட்றேன்."

"முப்பது போதுமே. ஒன்னு எக்ஸ்ட்ராவா கீதே," என்றான்.

"அது ஒனக்கு."

அவன் சிரிக்கவில்லை. டம்ளரைத் தூக்கிப் பார்த்தான். அடியில் ஒரு மடக்கு டீ இருந்தது. குடிக்காமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போக சைக்கிளை எடுத்தான்.